மடக்கு டைனிங் டேபிளின் கால் பூட்டவில்லையா? கீலைச் சரிசெய்து, வளைந்த சப்போர்ட்டை மாற்றும் முழு வழி

மடக்கு டேபிளின் காலை விரித்ததும், காலுக்கும் பலகைக்கும் நடுவே சாய்வாக ஓடும் சப்போர்ட் பட்டை நேராக நீள வேண்டும். அதன் மேல் இருக்கும் இரும்பு வளையம் தானாக வழுக்கி இறங்கி மூட்டைப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் 'டக்' என்று பூட்டிவிடும், மறுபக்கம் மட்டும் மூட்டு வளைந்தே நிற்கும், வளையம் இறங்காது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் பூட்டாத பக்கத்து வளையத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கப் பார்க்கிறார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். பல டேபிள்களில் பூட்டாத பக்கம் நன்றாகத்தான் இருக்கும். சுலபமாகப் பூட்டிக்கொள்கிற பக்கத்தில்தான் கோளாறு ஒளிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகை டேபிளுக்கானது. மேலே மரப்பலகை அல்லது பார்ட்டிகிள் போர்டு. கீழே இரும்புக் குழாயை வளைத்துச் செய்த இரண்டு கால் சட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு கால்களைச் சேர்த்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் இடமும் வலமுமாக இரண்டு சப்போர்ட்கள். உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் பலகை டேபிள்களில் ஸ்க்ரூ பிடிமானமே வேறு மாதிரி இருக்கும். அவற்றுக்கு இங்கே சொல்லும் கீல் வேலை பொருந்தாது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

டேபிளைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெரியும். கால் சட்டம் பலகையோரத்தில் கீலில் மாட்டியிருக்கும். பலகையின் நடுப்பக்கமாக ஒரு சிறிய பிராக்கெட் இருக்கும். அந்தப் பிராக்கெட்டிலிருந்து காலின் நடுப்பகுதி வரை போவதுதான் சப்போர்ட். அது ஒரே துண்டு இல்லை. பிராக்கெட்டில் தொங்குவது மேல் பட்டை, காலோடு சேர்வது கீழ்ப் பட்டை, இரண்டும் ஒரு ரிவெட்டில் சேரும் இடம் நடு மூட்டு. கீழ்ப் பட்டையின் முனை மூட்டோடு நின்றுவிடாமல், வால் போலக் கொஞ்சம் மேலே நீண்டு மேல் பட்டையோடு ஒட்டிப் படுக்கும். வளையம் மேல் பட்டையில் கோர்க்கப்பட்டிருக்கும். டேபிள் நிமிர்ந்து நிற்கும்போது தன் எடையாலேயே இறங்கி, மேல் பட்டையையும் அந்த வாலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூட்டு மடங்க வழியில்லை.

ஆக, வளையம் இறங்க வேண்டுமானால் இரண்டு பட்டைகளும் ஒரே கோட்டுக்கு வந்தாக வேண்டும். ஒரு சட்டத்தில் இரண்டு சப்போர்ட்கள் இருப்பதால் இரண்டுமே காலின் ஒரே சாய்வில், ஒரே நேரத்தில் நேராக வேண்டும். ஒன்றின் நீளம் கொஞ்சம் குறைந்துவிட்டால், அது முன்கூட்டியே நேராகிக் காலை நிறுத்திவிடும். கால் அதற்கு மேல் விரியாது. மற்றது முழுதாக நீள இடமில்லாமல் மூட்டு வளைந்து நிற்கும்.

எவ்வளவு குறைந்தால் இப்படி ஆகும்? ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இந்தக் கட்டுரை முழுக்க இதே டேபிளைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். கீலும் பட்டைகளும் எதன் மேல் சுழல்கின்றனவோ, அந்த ரிவெட்டையோ போல்ட்டையோதான் ஊசி என்கிறேன். கீல் ஊசியிலிருந்து பிராக்கெட் ஊசி வரை 400 மி.மீ. கீல் ஊசியிலிருந்து காலில் கீழ்ப் பட்டை சேரும் ஊசி வரை 300 மி.மீ. கால் செங்குத்தாக நிற்கும்போது பிராக்கெட் ஊசிக்கும் கால் ஊசிக்கும் இடையே 500 மி.மீ. வரும். மேல் பட்டை 300, கீழ்ப் பட்டை 200, இரண்டும் சேர்ந்து அந்த 500. இவை எல்லாம் துளையின் மையத்திலிருந்து துளையின் மையம் வரையிலான அளவுகள்.

இதில் அந்த 500 மி.மீ. தூரம் 1 மி.மீ. மட்டும் குறைந்தால், நடு மூட்டு நேர்கோட்டிலிருந்து சுமார் 15 மி.மீ. விலகி நிற்கும். மூட்டு நேராகப் போகும் கடைசிக் கட்டத்தில் அது நிறைய நகர்ந்தாலும், அதனால் நீளம் கூடுவது மிகக் கொஞ்சம்தான் என்பதே காரணம். 15 மி.மீ. வளைந்து நிற்கும் மூட்டைப் பார்த்தால் பெரிய கோளாறு போலத் தெரியும். தேட வேண்டியதோ எங்கோ தொலைந்துபோன ஒரே ஒரு மில்லிமீட்டரை.

அந்த மில்லிமீட்டர் எங்கே போயிருக்கும்

இரண்டு இடங்களில் ஒன்றில், அல்லது இரண்டிலும்.

முதலாவது, பட்டை வளைவது. டேபிளை விரித்தபடியே இழுக்கும்போது கால் எதிலாவது தட்டி உள்பக்கமாக அமுங்கினால், அந்த விசை முழுவதும் சப்போர்ட்டை நீளவாக்கில் அமுக்கும். அப்போது பெரும்பாலும் நீளமான மேல் பட்டைதான் முதலில் வளையும். 300 மி.மீ. பட்டை நடுவில் 12 மி.மீ. மடங்கினால் அதன் துளைகளுக்கு இடையே உள்ள நேர்தூரம் கிட்டத்தட்ட 1 மி.மீ. குறையும். மேலே சொன்ன 15 மி.மீ. கோணலுக்கு அதுவே போதும்.

இரண்டாவது, கீல் நகர்வது. இது முதலாவதன் விளைவாகவே வருவது வழக்கம். குட்டையான சப்போர்ட் காலை நிறுத்திவிட்ட பிறகு, மறுபக்கத்தைப் பூட்ட வேண்டி நாம் காலின் நுனியைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளுகிறோம். இறுகி நிற்கும் சப்போர்ட் காலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, காலின் மேல்நுனி கீலை உள்பக்கமாக நெம்புகிறது. பார்ட்டிகிள் போர்டில் ஏறிய ஸ்க்ரூக்களால் இந்தப் பக்கவாட்டு நெம்பலைத் தாங்க முடியாது. துளை கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கி, கீல் தகடு ஆடத் தொடங்கும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கீல் உள்ளே நகர்ந்தால் அந்தப் பக்கத்துச் சப்போர்ட் எட்ட வேண்டிய தூரமும் குறைகிறது. அதனால் வளைந்த பட்டையின் குறையை ஆடும் கீல் அப்போதைக்கு மறைத்துவிடும். "சில நாள் பூட்டுகிறது, சில நாள் பூட்டவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கீல் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பேன். பட்டையை மட்டும் மாற்றிவிட்டுக் கீலை விட்டால், புதுப் பட்டையோடும் அதே தொல்லை திரும்ப வரும். எனவே முதலில் கீல், பிறகு பட்டை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தேவையானவை

அளவு டேப், ஒட்டும் டேப், மெல்லிய நூல், பென்சில், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், டிரில், 3, 6, 8 மி.மீ. பிட்கள், ஸ்க்ரூவுக்கான 2.5 மி.மீ. பிட், சென்டர் பஞ்ச், சுத்தியல், அரம், இரண்டு கிளாம்ப். பொருட்களில் 20 × 3 மி.மீ. இரும்புப் பட்டை, 8 மி.மீ. மர டோவல் குச்சி, மரப்பசை அல்லது எபாக்ஸி, 6 மி.மீ. போல்ட்கள், நைலான் வளையம் வைத்த பூட்டு நட்கள், வாஷர்கள். உங்கள் டேபிளின் பட்டை வேறு அகலமோ தடிமனோ என்றால் அதையே வாங்குங்கள். தடிமன் கூடினால் வளையத்துக்குள் நுழையாது. ரிவெட்டைத் துளையிடும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போட வேண்டும். பட்டைகளின் நடுவே விரலை வைக்கவே கூடாது. கால் சட்டம் திடீரென்று மடங்கினால் கத்தரிக்கோல் போல நசுக்கிவிடும். வேலை முடியும்வரை சட்டத்தை ஒரு கயிற்றால் கட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் படி: எந்தப் பக்கம் கெட்டது என்று கண்டுபிடிப்பது

கனமான போர்வையை விரித்து டேபிளைத் தலைகீழாகப் போடுங்கள். கால் சட்டத்தை மெதுவாக, அது தானாக நிற்கும் வரை விரியுங்கள். தள்ள வேண்டாம். இந்த நிலையில் வளையம் பிராக்கெட் பக்கமாக வழுக்கிக் கிடக்கும், அது இயல்புதான். கையால் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் பிராக்கெட் ஊசியிலிருந்து கால் ஊசி வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். நடு மூட்டு அந்த நூலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். நம் உதாரண டேபிளில் இடப்பக்க மூட்டு 15 மி.மீ. விலகி நிற்கிறது. வலப்பக்க மூட்டு நூலின் மேலேயே இருக்கிறது, அதன் வளையமும் ஓடுகிறது. வலப்பக்கம்தான் காலை நிறுத்துகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. சந்தேகமிருந்தால் வலப்பக்கக் கீழ்ப் பட்டையைக் காலிலிருந்து கழற்றிவிட்டு, மறுபடி காலை விரித்துப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது சிரமமில்லாமல் நேராகிப் பூட்டினால் கோளாறு வலப்பக்கத்தில்தான்.

அடுத்து, அந்தக் கெட்ட பக்கத்தின் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக நூல் வையுங்கள். துளை மையத்திலிருந்து துளை மையம் வரை நூலைப் பிடித்து, பட்டையின் நடுக்கோடு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். தட்டையான முகத்திலும் பாருங்கள், குறுகிய விளிம்பிலும் பாருங்கள். நம் டேபிளில் வலது மேல் பட்டை நடுவில் 12 மி.மீ. வெளியே பிதுங்கியிருக்கிறது. கீழ்ப் பட்டை நேராகவே உள்ளது. வளைந்த இடத்தில் பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்து, அடியில் இரும்பு மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவைக்கூட அந்தக் கோடுகள் காட்டிக் கொடுத்துவிடும்.

காலின் குழாய் நசுங்கியிருக்கிறதா, கீழ்ப் பட்டை சேரும் காது காலோடு வெல்டிங் ஆன இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் இது வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. வீட்டில் பட்டையை மாற்றுவது வீண்.

இரண்டாம் படி: கீலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது

கீல் தகட்டின் ஒரு ஓரத்தில் விரலையும் பலகையில் இன்னொரு விரலையும் ஒட்டி வைத்துக்கொண்டு காலை ஆட்டுங்கள். தகடு பலகையின் மேல் நகர்ந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். ஸ்க்ரூக்களைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு திருப்பினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை செத்துவிட்டது. உதாரண டேபிளின் வலது கீலில் நான்கில் இரண்டு அப்படிச் சுற்றுகின்றன.

தகட்டைக் கழற்றும் முன் அதன் வெளி ஓரத்தை உற்றுப் பாருங்கள். பழைய இடத்தில் தூசு படியாத, நிறம் மங்காத ஒரு மெல்லிய கீற்று தெரியும். தகடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதன் மேல் கூரான பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

கீற்று தெரியாவிட்டால் அளவுகளை நம்பலாம். பலகையின் ஓரத்திலிருந்து கீல் ஊசி இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கீல் ஊசியிலிருந்து பிராக்கெட் ஊசி வரை இருபுறமும் 400 வர வேண்டும். கடைசியாகக் குறுக்களவு: இடது கீலிலிருந்து வலது பிராக்கெட், வலது கீலிலிருந்து இடது பிராக்கெட். இந்த இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். டேபிளின் மறுமுனையில் நன்றாகப் பூட்டும் இன்னொரு கால் சட்டம் இருக்கிறதே, எந்த அளவில் சந்தேகம் வந்தாலும் அதை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செத்த துளைகள். பெரிய ஸ்க்ரூ போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பலகை 18 மி.மீ., தகடு 2 மி.மீ. என்றால், 16 மி.மீ. ஸ்க்ரூ பலகைக்குள் 14 மி.மீ. போகும். 20 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் நுனி சரியாக மேல்பரப்பை எட்டி, டேபிளின் மேல் ஒரு புடைப்பை உண்டாக்கும். நீளத்தைக் கூட்டாமல் துளையை அடைத்துப் புதிதாகப் போடுவதே சரியான வழி.

8 மி.மீ. பிட்டில், நுனியிலிருந்து 14 மி.மீ. தள்ளி ஒட்டும் டேப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். தூளை ஊதி எடுத்துவிட்டு, மரப்பலகை என்றால் மரப்பசை, பார்ட்டிகிள் போர்டு என்றால் எபாக்ஸி தடவி, டோவல் துண்டை அடித்து இறக்குங்கள். பார்ட்டிகிள் போர்டில் எபாக்ஸியைச் சொல்வதற்குக் காரணம், அது சுற்றியுள்ள உதிரியான தூளுக்குள்ளும் ஊறி அதைக் கெட்டியாக்கும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு துருத்தும் நுனியைப் பலகை மட்டத்துக்கு அறுத்து, அரத்தால் சமன் செய்யுங்கள்.

தகட்டைப் பென்சில் கோட்டில் வைத்து, கிளாம்ப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, நான்கு துளைகளின் நடுவிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. வழித்துளை போதும். இந்தப் புள்ளி வைக்கும் வேலையில் அவசரப்பட்டால், பிட் பழைய துளையின் ஓரத்தில் வழுக்கித் தகட்டை மறுபடியும் அதே பழைய கோணலுக்கே கொண்டுபோய்விடும். சுற்றாத இரண்டு துளைகளும் நகர்ந்த நிலையில் நொறுங்கியிருந்தால் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுங்கள். ஸ்க்ரூவைக் கையால்தான் ஏற்ற வேண்டும், டிரில்லால் வேண்டாம். தலை தகட்டைத் தொட்டு இறுகியதும் நிறுத்துங்கள்.

தண்ணீர் பட்டு ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டு எந்தப் பசைக்கும் அடங்காது. விரல் நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தால் அந்த நிலைதான். அப்போது கெட்ட இடத்தைத் தாண்டி நல்ல பலகை வரை எட்டும் பிளைவுட் துண்டை ஒட்டி, அதன் மேல் கீலைப் பொருத்தலாம். ஆனால் அதே தடிமனுள்ள துண்டு அந்தச் சட்டத்தின் இரண்டு கீல்களுக்கும் இரண்டு பிராக்கெட்டுகளுக்கும் வர வேண்டும். ஒரு கீலை மட்டும் உயர்த்தினால் எல்லா அளவும் மாறி, பூட்டு நிரந்தரமாகக் கெடும். மறுமுனைக்கும் அதே உயரம் கொடுத்தால்தான் டேபிள் சாயாமல் நிற்கும்.

மூன்றாம் படி: வளைந்த பட்டையைக் கழற்றுவது

தட்டி நேராக்கி அதையே போடலாமா? மூட்டிலிருந்து தள்ளி, பெயின்ட்கூட வெடிக்காத அளவுக்கு லேசான வளைவு என்றால், வைஸில் வைத்து நேராக்கிக்கொள்ளலாம். பெயின்ட் கோடு கோடாக வெடித்திருந்தாலும், வளைவு துளையின் பக்கத்தில் இருந்தாலும் நான் புதிதாகத்தான் போடுவேன். ஒருமுறை மடங்கி நிமிர்ந்த பட்டையை முழு நேராகக் கொண்டுவருவது கடினம். மிச்சமிருக்கும் சிறு வளைவே அடுத்த அமுக்கலில் மறுபடி மடங்கும் இடமாகிவிடும். குழாயால் செய்த சப்போர்ட் நசுங்கி மடிந்திருந்தால் நேராக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ரிவெட்டின் தலை நடுவில் பஞ்ச் வைத்து, முதலில் 3 மி.மீ. பிட்டில் ஒரு குழி. பிறகு ரிவெட்டின் உடலைவிடக் கொஞ்சம் பெரிய பிட்டால், தலை கழன்று பிட்டோடு சுற்றும் வரை மட்டும் துளையிடுங்கள். அதற்கு மேல் போனால் பட்டையின் துளை பெரிதாகிவிடும். மிச்ச உடலைப் பஞ்சால் தட்டினால் அடுத்த பக்கம் விழுந்துவிடும். வளையத்தைத் தொலைக்காமல் எடுத்து வையுங்கள். அது பிதுங்கியோ நசுங்கியோ இருந்தால், இரண்டு பட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அதற்குள் விட்டு, தளர்வாக ஓடும்வரை சரிசெய்துகொள்ளுங்கள்.

கெட்டது வலது மேல் பட்டை ஒன்றுதான். ஆனாலும் இடது மேல் பட்டையையும் சேர்த்துக் கழற்றச் சொல்வேன். இரண்டையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே வீச்சில் துளையிட்டால், இரண்டும் ஒரே நீளம் என்பதில் சந்தேகமே இருக்காது. இந்தப் பூட்டுக்கு வேண்டியது அந்தச் சமம்தான். இரண்டு மேல் பட்டைகளும் ஒன்றுபோல 300க்குப் பதிலாக 300.5 ஆகிவிட்டால், 700 மி.மீ. நீளமுள்ள காலின் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஒன்று 300, மற்றது 299.5 என்றால் மூட்டு 10 மி.மீ.க்கு மேல் கோணலாக நிற்கும்.

நான்காம் படி: புதுப் பட்டை செய்வது

நீளத்தை வளையாத இடது பட்டையிலிருந்து எடுக்க வேண்டும். துளை மையத்தைக் கண்ணால் குறிப்பது கஷ்டம். தவிர, இழுவிசை பட்ட பழைய துளைகளின் வெளிப்பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். உள்பக்க ஓரம் தேய்வதில்லை. அதனால் ஒரு துளையின் உள் ஓரத்திலிருந்து மறு துளையின் உள் ஓரம் வரை அளந்து, துளையின் தேயாத குறுக்களவைக் கூட்டுங்கள். நம் பட்டையில் 294 வருகிறது, துளை 6. ஆக மையத்துக்கு மையம் 300.

20 மி.மீ. பட்டையில் ஒவ்வொரு முனையிலும் துளை மையத்தைத் தாண்டி 10 மி.மீ. விட்டு, 320 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் அறுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரம் ஓரமாக ஒட்டி, இரண்டு கிளாம்ப் போடுங்கள். ஒரு முனையில் பஞ்ச் வைத்து 3 மி.மீ.யில் துளையிட்டு, பிறகு 6 மி.மீ.யில் பெரிதாக்குங்கள். உடனே அந்தத் துளையில் ஒரு 6 மி.மீ. போல்ட்டை விட்டு இறுக்குங்கள். இனி துண்டுகள் நகராது. அங்கிருந்து 300 அளந்து இரண்டாவது துளையைப் போடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டினால் பிட் சூடேறி மழுங்காது.

துண்டுகளைப் பிரிக்காமலே முனைகளை அரத்தால் அரைவட்டமாகத் தேயுங்கள். பிரித்த பிறகு துளைகளைச் சுற்றியுள்ள பிசிறை எடுத்துவிடுங்கள். வளையம் ஓடுவதைத் தடுப்பது பல நேரம் இந்தப் பிசிறுதான். துரு பிடிக்காமலிருக்க மெல்லியதாக ஒரு கோட் பெயின்ட் அடித்து, முழுதாகக் காயவிடுங்கள். தடிமனாக அடித்தால் வளையம் ஒட்டிக்கொள்ளும்.

மேல் பட்டை 300, கீழ்ப் பட்டை 200 என்ற இந்தப் பங்கீட்டைக் கைக்கு வந்தபடி மாற்றக் கூடாது. காலை மடித்ததும் கால் ஊசி பிராக்கெட்டிலிருந்து 100 மி.மீ. தூரத்துக்கு வந்துவிடும். 300க்கும் 200க்கும் உள்ள வித்தியாசமும் அதே 100தான். அதனால்தான் பட்டைகள் பலகையோடு ஒட்டிப் படுக்கின்றன. இரண்டையும் 250 ஆக்கினாலும் கூட்டினால் 500தான் வரும், டேபிள் விரியும்போது ஒழுங்காகப் பூட்டவும் செய்யும். ஆனால் மடித்தால் மூட்டு பலகையிலிருந்து இரும்புக் கொம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

வளைந்தது வால் உள்ள கீழ்ப் பட்டை என்றால் இதே முறைதான், வாலின் நீளத்தையும் சேர்த்து அறுக்க வேண்டும். தகட்டை மடித்து வாய்க்கால் போலச் செய்த பட்டைகளைக் கையால் செய்ய முடியாது. ஊசித் தூரங்களை அளந்து கொடுத்து, ஆயத்தமாகக் கிடைக்கும் சப்போர்ட்டை ஜோடியாக வாங்குவதே மேல்.

ஐந்தாம் படி: பொருத்துவது

வளையத்தை மேல் பட்டையில் முதலில் கோர்த்துவிடுங்கள். இரண்டு முனையும் போல்ட் போட்ட பிறகு அது உள்ளே போகாது.

ரிவெட்டுக்குப் பதிலாகப் போடும் போல்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பட்டைகள் சுழல்வது போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான பகுதியின் மேல்தான் இருக்க வேண்டும். மரை துளைக்குள் வந்தால் அரம் போலத் துளையைத் தேய்த்து, சில மாதங்களில் மறுபடி ஆட்டம் கொடுக்கும். நடு மூட்டில் இரண்டு பட்டைகள் சேர்ந்து 6 மி.மீ. அந்த 6 மி.மீ.யும் வழவழப்பான பகுதியில் வரும் போல்ட்டை எடுத்து, மிச்ச நீளத்தை வாஷரால் நிரப்புங்கள். பூட்டு நட்டை ஆட்டம் போகும் வரை இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். பட்டையைத் தூக்கி விட்டால் தன் எடையில் விழ வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. நட் பிராக்கெட் பக்கத்து அண்டைப் பொருள்களில் உரசாமல் இருக்கும் திசையைப் பார்த்துப் போல்ட்டை நுழையுங்கள்.

எல்லா போல்ட்டும் மாட்டியதும் காலை விரித்து, இருபுறமும் மறுபடி நூல் வையுங்கள். இரண்டு மூட்டுகளும் 5 மி.மீ.க்குள் நேராக வந்தால் போதும், விரலால் தட்டினாலே மிச்சம் நேராகிவிடும். ஒரு பக்கம் இன்னும் 15 மி.மீ. போல நின்றால், அந்தப் பக்கத்துப் பிராக்கெட்டைக் காலிலிருந்து விலகும் திசையில், பலகையின் நடுவை நோக்கி, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நகர்த்த வேண்டும். அதற்கும் முன்பு சொன்னபடி துளையை அடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய துளையை ஓரம் தட்டிப் பெரிதாக்கினால் பிராக்கெட் ஆடத் தொடங்கிவிடும்.

சோதனை

டேபிளை இருவராகத் தூக்கி நிமிர்த்துங்கள். காலை ஊன்றிச் சாய்த்து நிமிர்த்தினால் சரிசெய்த கீலின் மேல் முழு எடையும் விழும். நிமிர்ந்ததும் இரண்டு வளையங்களும் யாரும் தொடாமலே இறங்க வேண்டும். ஒன்று நடுவழியில் நின்றால் அங்கே பிசிறோ தடித்த பெயின்ட்டோ இருக்கும். அரத்தால் இரண்டு தேய்ப்பு போதும். வால் விலகி நிற்பதால் வளையம் அதன் நுனியில் இடித்து நின்றால் அது நீளக் கோளாறு, பிராக்கெட் வேலைக்குத் திரும்புங்கள்.

பிறகு காலின் கீழ்ப்பகுதியை உள்பக்கமாகக் காலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சட்டம் அசையலாம், மூட்டு மடங்கக் கூடாது, கீல் தகடு நகரக் கூடாது. அடுத்து 20 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியை டேபிளின் நடுவிலும், பிறகு சரிசெய்த காலின் பக்கத்திலும் வைத்து, ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் அடியில் கால் நீட்டி உட்கார வேண்டாம். எடையை எடுத்ததும் கீல் தகட்டின் ஓரத்தில் போட்ட பென்சில் கோட்டைப் பாருங்கள். தகடு கோட்டிலேயே நின்றால் பிடிமானம் நன்றாக இருக்கிறது.

கொஞ்ச நாள் பயன்படுத்திய பிறகு ஸ்க்ரூக்களை ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள். டோவலில் ஏறிய ஸ்க்ரூ ஆரம்பத்தில் லேசாகத் தளரும், அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. கால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் துளையை மறுபடி கவனிக்க வேண்டும். டேபிளை மடிக்கும்போது இரண்டு வளையங்களையும் மேலே தூக்கி, இரண்டு மூட்டுகளையும் ஒரே நேரத்தில் மடக்குங்கள். ஒரு வளையம் பூட்டியிருக்கும்போதே காலை மடக்க இழுத்தால், பூட்டிய பக்கத்துப் பட்டை நீளவாக்கில் அமுங்கி, புதிதாகப் போட்ட மேல் பட்டையே முதலில் வளையும்.